1 மெகாஓம் சோர்ஸ், கெயின் 10 என்று கட்டினேன்: 2.0 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2.68 வருகிறது. முன்னால் ஃபாலோயர் போட வேண்டுமா?

பச்சைக்கம்பி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் பயன்படுத்தப் போகும் சென்சாரின் உள் ரெசிஸ்டன்ஸ் 1 மெகாஓம் அளவில் இருக்கும் என்கிறார்கள். அது கைக்கு வருவதற்குள் பிரெட்போர்டில் அதே மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கிறேன். 5 வோல்ட்டை 24 கே, 1 கே போட்டுப் பிரித்தால் 0.2 வோல்ட் கிடைக்கிறது. அதிலிருந்து ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக LM358-இன் பிளஸ் பின்னுக்குப் போகிறது. மைனஸ் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே, வெளியீட்டிலிருந்து மைனஸ் பின்னுக்கு 100 கே. சப்ளை 5 வோல்ட் மட்டும், நெகட்டிவ் சப்ளை இல்லை.

100 கே வகுத்தல் 10 கே, அதாவது 10 மடங்கு. எனவே 2.0 வோல்ட் எதிர்பார்த்தேன். வருவது 2.68. ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்துவிட்டேன், எல்லாம் 1 சதவீதத்துக்குள் இருக்கின்றன. சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் அதிகமாக இருந்தால் வோல்டேஜ் ஃபாலோயர் போட வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் ஃபாலோயர் இல்லாவிட்டால் வோல்டேஜ் குறையத்தானே வேண்டும்? எனக்கு ஏன் கூடுகிறது?

ஈயப்புகை

முதல் விஷயம், நான்-இன்வெர்ட்டிங்கில் கெயின் 10 கிடையாது, 11. ஒன்றைக் கூட்ட வேண்டும். அதனால் வர வேண்டியது 2.2. மிச்சம் இருப்பது ரெசிஸ்டர் டாலரன்ஸ், பிரெட்போர்டின் லூஸ் காண்டாக்ட், இப்படி ஏதாவது. LM358-க்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கிறதே, சும்மா கிடக்கும் இன்னொன்றை ஃபாலோயராக முன்னால் போடுங்கள். 1 மெகாஓம் தொல்லை அதோடு தீர்ந்தது.

சுற்றுவழி

பிரச்சினை வேறு. மைனஸ் பின் விர்ச்சுவல் கிரவுண்ட். ஆகவே உங்கள் சிக்னல் பார்க்கும் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் வெறும் 10 கே. 1 மெகாஓமுக்குப் பின்னால் 10 கே போட்டால் சிக்னல் நூற்றில் ஒரு பங்காகிவிடும். கெயினும் 100 கே வகுத்தல் 1.01 மெகா, கிட்டத்தட்ட 0.1 தான். கண்டிப்பாக ஃபாலோயர் தேவை.

மூன்றாம்பின்

சுற்றுவழி, நீங்கள் சொல்வது இன்வெர்ட்டிங் சர்க்யூட்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அவர் சிக்னலைப் பிளஸ் பின்னில் கொடுத்திருக்கிறார். 10 கே அவருடைய சோர்ஸோடு சேரவே இல்லை, கிரவுண்டுக்குத்தான் போகிறது. நீங்கள் சொன்னபடி இருந்தால் வெளியீடு 0.02 வோல்ட்டாக இருக்க வேண்டும். சிங்கிள் சப்ளையில் அதுவும் நெகட்டிவ் பக்கம் போக முடியாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். அவருக்கோ 2.68 வந்திருக்கிறது.

பச்சைக்கம்பி, கெயினை முதலில் முடித்துவிடுவோம். ஃபார்முலாவை ஓரமாக வைத்துவிட்டு 10 கே ரெசிஸ்டரை மட்டும் பாருங்கள். பிளஸ் பின்னில் 0.2 வோல்ட் இருந்தால், மைனஸ் பின்னும் 0.2-க்கு வந்து சேரும் வரை ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை ஏற்றிக்கொண்டே போகும். மைனஸ் பின் 0.2-இல் நிற்கிறது என்றால் 10 கே வழியாக 20 மைக்ரோஆம்பியர் கிரவுண்டுக்கு ஓடுகிறது. அந்த 20 மைக்ரோஆம்பியர் வர ஒரே வழி 100 கேதான். 100 கே-யின் இரு முனைகளுக்கு நடுவே 2.0 வோல்ட். நீங்கள் எதிர்பார்த்த 2.0 இதுதான். ஆனால் அந்த ரெசிஸ்டரின் கீழ் முனை கிரவுண்டில் இல்லையே, 0.2-இல் அல்லவா நிற்கிறது? அதன் மேல் 2.0 ஏறினால் 2.2.

```
Vout = Vin × (1 + Rf/Rg) = 0.2 × (1 + 100k/10k) = 2.2 V
```

இனி மிச்சம் 0.48 வோல்ட். இதை டாலரன்ஸ் கணக்கில் தள்ள முடியாது. இரண்டு ரெசிஸ்டரும் 5 சதவீத வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப் பக்கமும் முழுசாக விலகினாலும் கெயின் 12.05, வெளியீடு 2.41. அவருடையவையோ 1 சதவீதத்துக்குள் இருப்பவை.

பிளஸ் பின்னில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்களா?

பச்சைக்கம்பி

கெயின் புரிந்தது, நன்றி. கீழ் முனை 0.2-இல் நிற்கிறது என்பதை யோசிக்கவே இல்லை.

பிளஸ் பின்னில் அளந்தேன். 0.220 காட்டுகிறது. 1 மெகாஓமுக்கு முந்திய புள்ளியில் சரியாக 0.200. ஈயப்புகை அண்ணா சொன்ன ஃபாலோயரையும் போட்டுப் பார்த்தேன். வெளியீடு 2.69. மாற்றம் என்று சொல்லவே ஒன்றும் இல்லை.

ஈயப்புகை

0.220-ஐ 11-ஆல் பெருக்கினால் 2.42. உங்களுக்கு வருவது 2.68. அப்படியானால் கெயின் 12.2 ஆகிறது. 100 கே-யை மறுபடி அளந்து பாருங்கள், 112 கே இருக்கலாம். பிரெட்போர்டில் மாட்டி வைத்தபடியே அளந்திருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும்.

மூன்றாம்பின்

அந்த 0.220-ஐ வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். டிஜிட்டல் மல்டிமீட்டருக்கு உள்ளேயே 10 மெகாஓம் இருக்கிறது. 1 மெகாஓமுக்குப் பின்னால் அதை வைத்தால், இருப்பதில் 11-இல் 10 பங்கைத்தான் காட்டும். ஆக மீட்டரை எடுத்துவிட்டால் அங்கே இருப்பது 0.242-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

இன்னொரு மீட்டர் கிடைக்குமா? ஃபாலோயரை எடுத்துவிட்டுப் பழையபடி வையுங்கள். அப்புறம் மூன்று சோதனை.

ஒன்று, ஒரு மீட்டரை வெளியீட்டிலேயே வைத்துக்கொண்டு, மற்றதைப் பிளஸ் பின்னில் தொடும்போது வெளியீடு அசைகிறதா என்று பாருங்கள். இரண்டு, 1 மெகாஓமை எடுத்துவிட்டுப் பிளஸ் பின்னை நேராகக் கிரவுண்டில் போடுங்கள். மூன்று, 1 மெகாஓமைத் திரும்ப மாட்டி, அதன் மறுமுனையை 0.2 வோல்ட்டுக்குப் பதில் கிரவுண்டில் போடுங்கள். மூன்றிலும் வெளியீடு என்ன என்று எழுதுங்கள்.

பச்சைக்கம்பி

செய்தேன்.

மீட்டர் முனையைத் தொட்டதும் வெளியீடு 2.68-இலிருந்து 2.44-க்கு இறங்குகிறது, எடுத்தால் மறுபடி 2.68. நேராகக் கிரவுண்டில் போட்டால் 0.012 வோல்ட். 1 மெகாஓம் வழியாகக் கிரவுண்டில் போட்டால் 0.48 வோல்ட்! உள்ளே சிக்னலே இல்லாமல் அரை வோல்ட் எங்கிருந்து வருகிறது?

மூன்றாம்பின்

LM358-இன் பிளஸ் பின்னிலிருந்துதான். அதன் உள்ளீட்டில் இருப்பவை பிஎன்பி டிரான்சிஸ்டர்கள். அவை வேலை செய்ய வேண்டுமென்றால் பேஸிலிருந்து ஒரு சிறு கரண்ட் எப்போதும் வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் பயஸ் கரண்ட். பின்னிலிருந்து வெளியே வரும் அது உங்கள் 1 மெகாஓம் வழியாகக் கிரவுண்டுக்குப் போகும்போது அங்கே ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. திசை வெளிப்பக்கம் என்பதால்தான் உங்களுக்குக் குறையாமல் கூடியது.

அளவையும் நீங்களே அளந்துவிட்டீர்கள்:

```
(0.48 − 0.012) / 11 = 0.0425 V
0.0425 V / 1 MΩ     = 42.5 nA
```

டேட்டாஷீட்டில் LM358-க்குப் பொதுவான மதிப்பு 20 முதல் 45 நானோஆம்பியர் வரை, தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். உச்சம் 250 நானோஆம்பியர் வரை போகலாம் என்றும் இருக்கும். உங்கள் சிப் வழக்கமானதுதான், கெட்டுப்போகவில்லை. அந்த 0.012, ஆஃப்செட் வோல்டேஜின் பங்கு. 1 மில்லிவோல்ட் சொச்சம் 11 மடங்காகி வெளியே தெரிகிறது.

இப்போது உங்கள் முதல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னில் 0.2-உடன் 0.0425 சேர்ந்து 0.2425. அதை 11-ஆல் பெருக்கி 0.012-ஐக் கூட்டினால் 2.68.

இதில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உள்ளீடு 0 என்றால் வெளியீடு 0.48, உள்ளீடு 0.2 என்றால் 2.68. இரண்டுக்கும் வித்தியாசம் 2.20. கெயின் அச்சு அசலாக 11. 1 மெகாஓம் உங்கள் சிக்னலைக் கொஞ்சம்கூடத் தின்னவில்லை. மொத்தமும் ஒரே அளவில் மேலே தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருந்தால் சரிவு மாறும், பயஸ் கரண்ட் இருந்தால் சரிவு அப்படியே இருக்க, கோடு மட்டும் இடம் பெயரும். ஒரே ஒரு புள்ளியில் அளந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால்தான் உள்ளீட்டைக் கிரவுண்டில் போட்டு அளக்கச் சொன்னேன்.

ஈயப்புகை

பயஸ் கரண்ட் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபாலோயரின் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் ஆம்ப்ளிஃபயருடையதைவிட இன்னும் அதிகம் அல்லவா? ஃபீட்பேக் முழுசாகத் திரும்பி வருவதால் அது பல மடங்கு ஏறுகிறது. அப்படியிருக்க, ஃபாலோயர் ஏன் உதவவில்லை?

மூன்றாம்பின்

நீங்கள் சொல்லும் ஏற்றம் உண்மை. ஃபாலோயரும் ஒரு நான்-இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர்தான். 100 கே இருந்த இடத்தில் வெறும் கம்பி, 10 கே இல்லவே இல்லை, கெயின் 1. மைனஸ் பின் பிளஸ் பின்னைத் துரத்திக்கொண்டே வருவதால், இரண்டுக்கும் நடுவே உள்ள ரெசிஸ்டன்ஸில் வோல்டேஜே விழுவதில்லை, சிக்னலிலிருந்து கரண்டும் போவதில்லை. ஆனால் இது சிக்னல் மாறும்போது மாறுகிற கரண்டுக்கு மட்டும்தான். பயஸ் கரண்ட் சிக்னலைப் பார்த்து மாறுவது இல்லை. டிரான்சிஸ்டருக்கு அது சாப்பாடு மாதிரி, கெயின் 1 ஆனாலும் 11 ஆனாலும் அதே அளவு வேண்டும். ஃபீட்பேக் அதைத் தொடவே தொடாது.

பச்சைக்கம்பி முன்னால் போட்ட ஃபாலோயர் அதே சிப்பின் இன்னொரு பாதி. அதன் பிளஸ் பின்னும் அதே மாதிரி 42, 43 நானோஆம்பியரை அதே 1 மெகாஓமுக்குள் தள்ளும். ஃபாலோயரின் வெளியீட்டில் 0.2425 வரும். அடுத்த கட்டம் அதை 11-ஆல் பெருக்கும். அவருக்கு 2.69 வந்ததே, கூடுதல் 0.01 இரண்டாவது ஆஃப்செட்டாக இருக்கும். நான்-இன்வெர்ட்டிங்குக்கு முன்னால் அதே சிப்பில் ஒரு ஃபாலோயர் போடுவது, ஏற்கெனவே உள்ள ஒன்றை இன்னொரு முறை போடுவது.

தீர்வு சிப்பை மாற்றுவதுதான். உள்ளீட்டில் பிஎன்பி டிரான்சிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் இருக்கும் MCP6002-க்குப் பின் அமைப்பு LM358-உடையதேதான், அப்படியே எடுத்துச் செருகலாம். அதன் பயஸ் கரண்ட் அறை வெப்பத்தில் பொதுவாக 1 பிக்கோஆம்பியர். 1 மெகாஓமில் அது உண்டாக்குவது 1 மைக்ரோவோல்ட். சப்ளை மட்டும் 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

TL072 வாங்கிவிட வேண்டாம். அதன் பயஸ் கரண்ட் குறைவுதான், ஆனால் உள்ளீடு நெகட்டிவ் சப்ளைக்கு மிக அருகே போனால் அது ஒழுங்காக வேலை செய்யாது. உங்கள் 0.2 வோல்ட் அதற்கு ஆகாது.

ஈயப்புகை

சிப் மாற்றாமலும் வழி இருக்கிறது. மைனஸ் பின்னுக்கும் 10 கே, 100 கே சேரும் முனைக்கும் நடுவே இன்னொரு 1 மெகாஓம் போடுங்கள். மைனஸ் பின்னிலும் அதே பயஸ் கரண்ட் வெளியே வருகிறது அல்லவா? அதுவும் அங்கே 42 மில்லிவோல்ட் ஏறும், இரண்டும் கழிந்துவிடும். பழைய ஆடியோ சர்க்யூட்களில் இது எங்கும் இருக்கும்.

மூன்றாம்பின்

வேலை செய்யும், ஆனால் முழுசாக அல்ல. இரண்டு பின்களின் கரண்டும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. சில நானோஆம்பியர் வித்தியாசம் இருக்கும். 5 நானோஆம்பியர் என்று வைத்தால் 1 மெகாஓமில் 5 மில்லிவோல்ட், வெளியீட்டில் 55 மில்லிவோல்ட். 480-இலிருந்து 55-க்கு இறங்குவது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மைனஸ் பின்னில் 1 மெகாஓமும், அங்குள்ள சில பிக்கோஃபேரடும் சேர்ந்து ஃபீட்பேக்கைத் தாமதப்படுத்தும். ஆஸிலேட் ஆக வாய்ப்பு உண்டு. வெளியீட்டிலிருந்து மைனஸ் பின்னுக்கே ஒரு சிறு கபாசிட்டர் சேர்க்க வேண்டி வரலாம். சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் 1 மெகாஓமிலேயே நிற்காமல் மாறும் சென்சாராக இருந்தால் கழிதலும் கெட்டுவிடும்.

ஈயப்புகை

ஆஸிலேட் ஆகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். LM358 வேகமான சிப் இல்லையே. நான் இதை இப்படித்தான் போடுவேன், எனக்குத் தொல்லை வந்ததில்லை.

மூன்றாம்பின்

கெயின் 11 இருக்கும்போது உங்களுக்கு வசதி அதிகம், அதை ஒத்துக்கொள்கிறேன். கெயின் 1-இல் அந்த தைரியம் எனக்கு வராது.

பச்சைக்கம்பி

MCP6002 கிடைத்தது. செருகினேன். ஃபாலோயர் இல்லாமல், அதே 1 மெகாஓமோடு 2.19 வோல்ட். 1 மெகாஓம் வழியாகக் கிரவுண்டில் போட்டால் பூஜ்யத்தை ஒட்டி சில மில்லிவோல்ட். மீட்டரைப் பிளஸ் பின்னில் தொட்டால் இப்போதும் வெளியீடு இறங்குகிறது, 1.99-க்கு. அது மீட்டரின் 10 மெகாஓம் என்று இப்போது தெரிகிறது.

அப்படியானால் ஃபாலோயர் எங்கேதான் தேவை?

மூன்றாம்பின்

பின்னால் வரும் கட்டம் கரண்ட் இழுக்கும்போது. மேலே சுற்றுவழி சொன்ன இன்வெர்ட்டிங் கட்டம் அதற்கு நேரான உதாரணம். 1 மெகாஓமிலிருந்து நேராக 10 கே-க்குக் கொடுத்தால் கெயின் 10-க்குப் பதில் 0.1. நடுவே ஒரு நல்ல ஃபாலோயர் இருந்தால் 10 கே-க்கு வேண்டிய கரண்டை ஆப்-ஆம்ப் தன் சப்ளையிலிருந்து கொடுக்கும், சோர்ஸுக்கு எதுவும் தெரியாது. அவருடைய பதில் இந்தச் சர்க்யூட்டுக்குப் பொருந்தவில்லையே தவிர, அந்தச் சர்க்யூட்டுக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. நீளமான ஷீல்டு வயர் வழியாக சிக்னல் போக வேண்டியிருந்தாலும் ஃபாலோயரை சென்சார் பக்கத்திலேயே வைப்பது நல்லது. 100 பிக்கோஃபேரட் வயர் 1 மெகாஓமோடு சேர்ந்தால் 1.6 கிலோஹெர்ட்ஸிலேயே சிக்னல் சரியத் தொடங்கிவிடும்.

இரவுவிளக்கு

இதே மாதிரி என் பிரச்சினையையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஒரு லித்தியம் செல்லை 1 மெகா, 1 மெகா போட்டுப் பாதியாக்கி ATmega328P-இன் A0-வுக்கு நேராகக் கொடுத்திருக்கிறேன். A1-இல் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பொட்டைத் திருப்பினால் பேட்டரி அளவு மாறுகிறது! A0, A1 உள்ளுக்குள் ஷார்ட்டா?

மூன்றாம்பின்

ஷார்ட் இல்லை. ஏடிசிக்குள்ளே சுமார் 14 பிக்கோஃபேரட் கபாசிட்டர் ஒன்று இருக்கிறது. சேனல் மாறியதும் அது பொட்டின் வோல்டேஜைச் சுமந்துகொண்டுதான் A0-வுக்கு வருகிறது. புதிய வோல்டேஜுக்கு மாற அதற்குக் கிடைக்கும் நேரம் ஏடிசி கிளாக்கில் ஒன்றரை சைக்கிள். 125 கிலோஹெர்ட்ஸ் கிளாக் என்றால் 12 மைக்ரோசெகண்ட். உங்கள் இரண்டு 1 மெகாஓமும் சேர்ந்து சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் 500 கே ஆகிறது. 14 பிக்கோஃபேரடோடு பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட் 7 மைக்ரோசெகண்ட். 12 மைக்ரோசெகண்ட் முடியும்போதும் பழைய வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட மிஞ்சியிருக்கும். பொட்டைத் திருப்பும்போது நீங்கள் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான். டேட்டாஷீட்டே 10 கே அல்லது அதற்குக் குறைவான சோர்ஸைத்தான் கேட்கிறது.

இங்கே ஃபாலோயர் மிகப் பொருத்தம். MCP6002 போடுங்கள்.

சுற்றுவழி

அவர் 1 மெகா போட்டதே பேட்டரியைச் சேமிக்கத்தானே? செல் 4.2 வோல்ட்டில் இருக்கும்போது டிவைடர் இழுப்பது 2.1 மைக்ரோஆம்பியர். MCP6002-இன் இரண்டு பாதியும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 200 மைக்ரோஆம்பியர் அளவுக்கு எடுக்கும். நூறு மடங்கு! A0-விலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபேரட் ஒன்று போட்டால் போதும். ஏடிசியின் 14 பிக்கோஃபேரட் அதிலிருந்து ஒரு முறை எடுப்பது பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. 10 பிட் ஏடிசிக்கு அது கண்ணிலேயே படாது.

மூன்றாம்பின்

பேட்டரியில் ஓடுவதென்றால் சுற்றுவழி சொல்வதுதான் நல்ல வழி. ஒரே நிபந்தனை, அந்த 100 நானோஃபேரடும் 500 கே-யும் சேர்ந்தால் 50 மில்லிசெகண்ட். பவர் கொடுத்ததும் கால் செகண்டாவது பொறுத்துப் படிக்க வேண்டும், அப்புறமும் விநாடிக்கு ஒரு முறை என்ற அளவில் படித்தால் சரி. நிறுத்தாமல் ஆயிரக்கணக்கில் படித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறை எடுக்கும் சிறு சார்ஜும் சேர்ந்து வோல்டேஜை இழுத்துவிடும்.

இரவுவிளக்கு

நிமிடத்துக்கு ஒரு முறைதான் படிக்கிறேன். 100 நானோஃபேரட் போட்டேன், இப்போது பொட்டைத் திருப்பினாலும் A0 அசையவில்லை. ஆனால் மீட்டரில் பேட்டரியை நேராக அளந்தால் வருவதைவிட ஏடிசி கணக்கு இன்னும் 1 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. ரெபரன்ஸாக 3.3 வோல்ட் சப்ளையையே வைத்திருக்கிறேன்.

மூன்றாம்பின்

முதலில் அந்த 3.3-ஐ அளந்து, அளந்த எண்ணையே கணக்கில் போடுங்கள். அப்புறம் இரண்டு 1 மெகாஓமையும் தனியாகக் கழற்றி அளந்து எழுதுங்கள். டிவைடர் முனையில் மட்டும் மீட்டரை வைக்க வேண்டாம்.

பச்சைக்கம்பி

என் சென்சாரையும் ஏடிசிக்குத்தான் கொடுக்கப் போகிறேன். நடுவே கெயின் 11 ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் எனக்குத் தனி ஃபாலோயர் வேண்டாம், சரிதானே?

மூன்றாம்பின்

வேண்டாம். ஏடிசி பார்ப்பது ஆப்-ஆம்பின் வெளியீட்டை, 1 மெகாஓமை அல்ல. சென்சார் வந்ததும் அதன் உண்மையான ரெசிஸ்டன்ஸை வைத்து மறுபடி கிரவுண்ட் சோதனையைச் செய்து பாருங்கள்.